குதிகாலுக்குப் போட்ட குழாய்

திருத்துறைப்பூண்டியில் கம்பளி நூல் பின்னுகிறவள் இருக்கிறாள் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வெயிலில் தார் உருகுகிற ஊரில் கம்பளி எதற்கு என்பார்கள். அவர்கள் மார்கழியில் வந்து பார்க்கவில்லை. வாய்க்கால் ஓரத்துப் பனி வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் இழுப்புக்காரர்கள் எல்லாம் கோழிக்குஞ்சு மாதிரி சுருண்டு கிடப்பார்கள். பெற்றவளுக்குக் குல்லா, பிறந்ததற்குக் காலுறை, படுத்துவிட்ட பெரியவருக்குக் கழுத்துத்துணி. எல்லாவற்றுக்கும் லத்தீஃபாவிடம்தான் வருவார்கள். பெரும்பாலும் கொல்லை வழியாக வருவார்கள், ஏனென்றால் வாசல் பக்கம் அவள் புருஷன் கலந்தர் ராவுத்தரின் மளிகைக் கடை.

லத்தீஃபா பிறந்தது நுவரெலியாவில். அங்கே அவளைப் பெற்ற அத்தாவுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. பக்கத்து வீட்டுத் தபால்காரரின் மனைவி நான்கு ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். பதினேழு வயதில் கல்யாணம் ஆகி இங்கே வந்தபோது அவள் கொண்டுவந்த சீரில் உருப்படியாக மிஞ்சியது அந்தப் பின்னல் மட்டும்தான். பவுன் எல்லாம் பத்து மா நிலமாக மாறிப்போனது. நிலம் கலந்தர் ராவுத்தர் பேரில். லத்தீஃபா அதைப் பார்த்ததுகூட இல்லை.

அவள் பின்னுகிற முறை கொஞ்சம் விசித்திரம். குதிகால், கட்டைவிரல் என்று எதையும் முதலில் போடமாட்டாள். மழைக்காலம் முழுவதும் வெறும் குழாய்களாகப் பின்னித் தகரப்பெட்டியில் அடுக்குவாள். ஆள் வந்து காலைக் காட்டிய பிறகுதான் குழாயில் இடம் பார்த்து, ஒரு வரிசையை விட்டு அதற்கு மேலும் கீழும் இரண்டு ஊசிகளைக் கோத்து வைத்துக்கொள்வாள். நடுவில் விட்ட வரிசையில் ஒரே ஒரு கண்ணியை, பின்னலின் ஒற்றை வளையத்தை, கத்தரிப்பாள். அங்கிருந்து இரண்டு பக்கமும் நூலைப் பிரித்தால் குழாய் வாய் திறக்கும். ஊசிகளில் கண்ணிகள் அறுந்துபோகாமல் காத்திருக்கும். அவற்றில் புது நூலைப் பிடித்துச் சுற்றிலும் பின்னினால் குதிகால் வந்துவிடும். முதல்முறை பார்க்கிறவர்கள், கத்தரிக்கோல் பின்னலுக்குள் போகும்போது, ‘ஐயோ போச்சே’ என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். “ஊசி புடிச்சு வச்சிருக்குல்ல, எங்க போகும்” என்பாள் லத்தீஃபா. ஆயிரம் தடவை சொன்னதில் அந்த வாக்கியமே அவளுக்கு அலுத்துவிட்டது.

அலுப்பு அவளுக்குப் புதிதில்லை. முழங்கால் வலி ஒரு பக்கம், கண் மங்கல் மறுபக்கம். பெற்ற பெண்கள் இருவரும் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து மாதத்துக்கு ஒரு குறையை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் சென்ற ஒரு வருஷமாக அவளை அழுத்தியது வேறு. அது அந்தப் பத்து மா.

ஊரெங்கும் அப்போது நிலத்துப் பேச்சுதான். கருப்பு சிவப்புக் கொடி ஒரு தெருவில், செங்கொடி மறு தெருவில். குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்திருந்தது. பத்து மாவை இருபது வருஷமாகக் குத்தகைக்குச் செய்துவந்த வைத்தியலிங்கம் போய்த் தன் பெயரைப் பதிந்துவிட்டான். பதியாதே என்று கலந்தர் ராவுத்தர் சொல்லியும் கேட்கவில்லை. போன தை மாதம் ராவுத்தர் வெளியூரிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து அறுப்பில் இறக்கினார். வைத்தியலிங்கம் வரப்பில் நின்று மறித்தான். தள்ளுமுள்ளில் அவனுடைய இடது கட்டைவிரல் பாதியோடு போய்விட்டது. யார் அரிவாள் என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். போலீஸ், பஞ்சாயத்து, சமாதானம் எல்லாம் நடந்து முடிந்தது. விரல் திரும்பவா முளைக்கும்?

“கைகலப்புல எவன் அருவா பட்டுச்சோ” என்று அன்று சாப்பிடும்போது ராவுத்தர் சொன்னார். அதற்கு மேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. லத்தீஃபாவும் கேட்கவில்லை. ஆட்களைக் கூட்டிவந்தது யார் என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனிவரை வரும். சோற்றோடு சேர்த்து விழுங்கிவிடுவாள். முப்பத்தைந்து வருஷப் பழக்கம்.

அதற்கு முந்திய மழைக்காலத்தில் அவள் ராவுத்தருக்காக ஒரு ஜோடிக் குழாய் பின்னியிருந்தாள். நூல் அவரே கும்பகோணத்தில் எடுத்துவந்தது. கரும்பச்சை, விளிம்பில் மாம்பழ மஞ்சளில் ஒரு கோடு. பாதம் ஜில்லிட்டுப்போகிறது, எனக்கும் ஒண்ணு போடேன் என்று கேட்டு வாங்கிவந்தார். குதிகால் வெட்டவேண்டியதுதான் பாக்கி. அறுப்புத் தகராறுக்குப் பிறகு அந்தக் குழாயில் கத்தரியை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று பெட்டியிலேயே கிடந்தது.

இந்த மார்கழியில் ஒரு நாள் காலை, வைத்தியலிங்கத்தின் மனைவி அம்சம் கொல்லைப்படலைத் திறந்துகொண்டு வந்தாள். ஒரு காலத்தில் இந்த வீட்டில் நெல் அவித்துக் கொடுத்தவள். ஒரு வருஷமாக இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. லத்தீஃபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

“வா அம்சம்” என்றாள். “உக்காரு.”

“உக்கார வரலங்க பாயம்மா.” அம்சம் துணி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அந்த மொண்ணை விரலு இருக்குல்லங்க, பனி பட்டா நீலம் பாரிச்சுப் போவுது. நெல்லுத்தாளு பட்டாப் போதும், துடிச்சுப் போறாரு. ஆசுபத்திரியில கம்பளிக்குள்ள வச்சுக்கச் சொன்னாங்க. துணி சுத்திப் பார்த்தேன், நிக்கல. அறுப்புக்கு இன்னும் கொஞ்ச நாளுதான் கெடக்கு.”

லத்தீஃபாவுக்கு அறுப்பு என்ற சொல் போதுமாக இருந்தது. இரண்டு நாள் முன்புதான் ராவுத்தர் சாப்பாட்டில் உட்கார்ந்து சொல்லியிருந்தார். “வக்கீல் சொல்றாரு, தன் ஒடம்பால பாடுபடுறவனுக்குத்தான் குத்தகைப் பாதுகாப்பு. கூலி ஆளு வச்சு ஓட்டுறவனுக்குக் கெடையாது. இந்தத் தடவை அவன் வயல்ல எறங்க முடியாது. ஊர்ப் பெரிய மனுசங்க நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போய் வரப்புல சாட்சிக்கு நிப்பேன். அவன் அரிவாளைத் தொடலன்னா போதும்.” சொல்லிவிட்டு மோர் கேட்டார்.

ஆக, இப்போது அம்சம் கேட்பது ஒரு கம்பளித் துண்டு இல்லை. இவள் ஊசியை எடுத்தால் பத்து மா அவர்களிடம் இருக்கும். எடுக்காவிட்டால் இந்த வீட்டுக்கு வரும். தன்னைப் போய் இந்த இடத்தில் நிறுத்தினார்களே என்று லத்தீஃபாவுக்கு அம்சத்தின் மேலேயே ஒரு நொடி எரிச்சல் வந்தது. வேறு யாரும் கிடைக்கவில்லையா என்றால், இல்லை. இந்தப் பக்கத்தில் நான்கு ஊசி பிடிக்கிறவள் இவள் ஒருத்திதான்.

“அவரைக் கூட்டிக்கிட்டு வரணும்” என்றாள். “கையைப் பார்க்காம வெரலுக்கு எடம் விட முடியாது. எங்க வீட்டுக்காரவுங்க கடையில இருக்கப்ப, கொல்லை வழியா.”

“எவ்வளவு ஆவும்ங்க?”

“அதெல்லாம் கேக்காத” என்றாள் லத்தீஃபா.

பெட்டியைத் திறந்தாள். மழைக்காலத்தில் போட்ட குழாய்கள் எல்லாம் போய்விட்டன; குழந்தைகளுக்கான ரோஸ் நூல் கொஞ்சம் இருந்தது. ரோஸ் கையுறையோடு வைத்தியலிங்கம் அரிவாள் பிடித்தால் ஊர் கூடிச் சிரிக்கும். பெரிய ஆளுக்குப் போதுமான நூல் வேறு இல்லை. ராவுத்தரின் பச்சைக் குழாய்கள் இரண்டும் அடியில் கிடந்தன. வேறு வழியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. கும்பகோணம் போகிற யாரிடமாவது சொல்லியிருந்தால் வேறு நூல் வந்திருக்கும். ஒரு குழாயை எடுத்தாள். மஞ்சள் கோடு போட்ட விளிம்பு மணிக்கட்டுக்குச் சரியாக இருக்கும். மறுபக்கத்திலிருந்து நூலை உருவி நீளத்தைக் குறைத்து, விரல்கள் வெளியே வரும்படி வாயைத் திறந்தே விட்டு முடித்தாள். உருவிய நூல் கட்டைவிரலுக்கு.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். வைத்தியலிங்கம் நல்ல உயரம், வெயிலில் காய்ந்த உடம்பு. இடது கையை மேல்துண்டுக்குள் வைத்திருந்தான். கொல்லையில் அம்மிக்குப் பக்கத்தில் குந்தினான். லத்தீஃபா அடுக்களைக் கதவின் மறைவில் நின்றாள். அந்நிய ஆண் கையைத் தொடுவது என்பது அவள் வாழ்க்கையில் நடந்ததில்லை. இழுப்புக்காரப் பெரியவர்களுக்குக்கூட வீட்டுப் பெண்கள்தான் அளவு கொண்டுவருவார்கள்.

“அம்சம், குழாயை அவரு கையில மாட்டு. கையை அம்மி மேல வெரிச்சு வைக்கச் சொல்லு. வெரலு எங்க முட்டுதோ அங்க இந்த வெள்ளை நூலைக் கோத்துக் கட்டு.”

அம்சம் கட்டினாள். விரல் எவ்வளவு மிச்சம் என்று லத்தீஃபா கேட்டபோது அம்சம் தன் கட்டைவிரலில் பாதியைக் காட்டினாள். பத்து நிமிஷத்தில் போய்விட்டார்கள். லத்தீஃபாவுக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. பார்க்காமலே காரியம் முடிந்துவிட்டதே என்ற நிம்மதி அது. சொன்னால் வெட்கம்தான், ஆனாலும் அதுதான் நிஜம்.

வெள்ளை நூல் இருந்த இடத்தில் ஊசிகளைக் கோத்தாள், கண்ணியைக் கத்தரித்தாள், திறந்த வாயின் இரண்டு மூலையிலும் ஓட்டை விழாமல் கூடுதலாக ஒவ்வொரு கண்ணி எடுத்தாள். மூன்று ஊசியில் பங்கிட்டு, நான்காவதால் சுற்றிச் சுற்றிப் பின்னினாள். உச்சியில் கண்ணிகளைக் குறைத்து, மிச்சத்தில் நூலைச் செருகி இழுத்து முடிச்சிட்டாள். சின்னதாக ஒரு குமிழ் நின்றது. அம்சம் வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் அம்சம் மறுபடி வந்தாள். கையில் அதே பச்சைத் துண்டு.

“மாட்டுக்குப் புல்லு அறுத்துப் பார்த்தாருங்க. சும்மா இருக்கையில நல்லாத்தான் இருக்கு. புல்லைப் புடிச்சா ஒரு பக்கமா முறுக்கிக்கிட்டு இழுக்குது. வெரலுத் தொப்பி கழண்டு போவுது. தழும்பு மேல உராயுது போல. ராத்திரியெல்லாம் கையைக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் படுத்திருந்தாரு.” துண்டை நீட்டினாள். “ஒங்களுக்குச் சங்கடம்னா விட்ருங்க பாயம்மா.”

லத்தீஃபா துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். தப்பு எங்கே என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. விரித்துவைத்த கைக்கு அவள் இடம் விட்டிருந்தாள். விரித்த கையில் கட்டைவிரல் ஓரத்தில் நிற்கும். எதையாவது பிடித்தால் அது உள்ளங்கைப் பக்கம் திரும்பி மற்ற விரல்களை எதிர்கொள்ளும். பிடிக்காத கைக்கு யாராவது கையுறை போடுவார்களா? காலுறை போட்டுப் போட்டுப் பழகிய புத்தி. கால் எதையும் பிடிப்பதில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அளவெடுத்தால் இப்படித்தான் ஆகும்.

விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தது. அம்சமே வாயால் சொல்லிவிட்டாள். முயற்சி செய்தேன், நிற்கவில்லை என்றால் யார் குறை சொல்லப்போகிறார்கள். பத்து மா வீட்டுக்கு வந்துவிடும். அவள் கழுத்தில் கிடந்த பவுன்தானே அது. லத்தீஃபா தரையில் உட்கார்ந்துவிட்டாள். தூங்கவேண்டும் போல இருந்தது.

“எங்க அவரு?” என்றாள்.

“வெளியில வைக்கோப் போருகிட்ட நிக்கிறாரு.”

“வரச்சொல்லு.”

அவன் வந்து அம்மியருகே குந்தினான். லத்தீஃபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதவைத் தாண்டி வெளியே வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். அம்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

“ஒரு கை வைக்கோல் புடிங்க” என்றாள் லத்தீஃபா. “கதிரு புடிக்கிற மாதிரி.”

அவன் வைக்கோலைக் கொத்தாகப் பிடித்தான். நான்கு விரலும் சுற்றிக்கொண்டன. கட்டைவிரல் இருக்கவேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு முண்டு, நுனியில் நட்சத்திரம் போலத் தழும்பு, சுற்றிலும் நீலம். அது வைக்கோலில் பட்டதும் அவன் தாடை இறுகியது. லத்தீஃபா தன் இரண்டு விரலால் அந்த முண்டைத் தொட்டாள். ஐஸ் மாதிரி இருந்தது. அடியிலிருந்து நுனிவரை அவளுடைய இரண்டு விரல் அகலம். ஒரு வருஷமாக இந்த வீட்டில் பேசாமல் இருந்த விஷயம் இதுதான், இவ்வளவுதான் இதன் நீளம். அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முக்காட்டால் துடைத்துக்கொண்டாள்.

“வலிக்குதாங்க?”

“பனியிலதாம்மா” என்றான் வைத்தியலிங்கம். “வெயிலு வந்துட்டா பரவால்ல.” பிறகு, “ஒங்களுக்கும் சிரமம்” என்றான்.

அவன் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அங்கேயே வேலையைத் தொடங்கினாள். போட்ட குமிழைப் பிரித்தாள். திறந்த வாயின் மேல்வரிசைக் கண்ணிகளையும் கீழ்வரிசைக் கண்ணிகளையும் எதிரெதிரே வைத்து, தையல் ஊசியில் அதே பச்சை நூலைக் கோத்து, கண்ணி கண்ணியாக உள்ளே போய் வெளியே வந்து, வெட்டிய வரிசையைத் திரும்ப உண்டாக்கினாள். குழாய் மறுபடி குழாயானது. உற்றுப் பார்த்தால் கொஞ்சம் இறுக்கம் தெரியும். பிறகு வைக்கோல் பிடித்த கையில் அதை மாட்டி, முண்டு முட்டுகிற இடத்தைத் தன் விரலாலேயே தடவிக் கண்டுபிடித்தாள். பழைய கீறலுக்கு இரண்டு வரிசை தள்ளி, நன்றாக உள்ளங்கைப் பக்கம். வெள்ளை நூலைக் கட்டிக் கழற்றிக்கொண்டாள். ஊசிகளைக் கோத்தாள். கத்தரியை எடுத்தாள்.

அம்சம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “போயிடாதுங்களே?”

“ஊசி புடிச்சு வச்சிருக்கு” என்றாள் லத்தீஃபா. இந்தத் தடவை அந்த வாக்கியம் அலுக்கவில்லை. நறுக்கென்று ஒரு கண்ணியை வெட்டினாள்.

நுனியில் நூலை இரட்டையாக்கிப் பின்னித் தடிமனாக்கினாள். மாட்டிக்கொண்டு வைத்தியலிங்கம் வைக்கோலைப் பிடித்தான், விட்டான், மறுபடி பிடித்தான். கம்பளி திரும்பவில்லை. தாடையும் இறுகவில்லை. “நிக்குதும்மா” என்றான். கடைப்பக்கம் ராவுத்தரின் இருமல் கேட்டது. அவர்கள் படலைச் சாத்திக்கொண்டு போனார்கள்.

தை பிறந்து, வயலில் நீர் வடித்துக் காய்ந்து, அறுப்பு நாள் வந்தது. ராவுத்தர் விடியற்காலையிலேயே மேல்துண்டைப் போர்த்திக்கொண்டு கிளம்பினார். கூட நாலு பெரிய மனிதர்கள். லத்தீஃபா டீ போட்டுக் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு கடையைத் திறந்துவைத்துவிட்டு, ஊசியை எடுத்து, ஒரு வரிசைகூடப் பின்னாமல் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பச்சைப் பின்னலில் மஞ்சள் கோடு அரைப் பர்லாங்கிலிருந்தே தெரியும். அது அவளுக்கு முன்பே தெரிந்ததுதான்.

வெயில் ஏறி ராவுத்தர் திரும்பி வந்தார். தனியாக வந்தார். கடைக்குள் போகாமல் நேராக உள்ளே வந்து கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். கால் முழுக்க வாய்க்கால் சேறு.

“எறங்கினான்” என்றார்.

லத்தீஃபா தண்ணீர் கொடுத்தாள்.

“மொத அரி அவனே அறுத்துப் போட்டான். நாலு பேரும் பாத்துட்டுப் போயிட்டாங்க.” தண்ணீரைக் குடித்து முடித்தார். “அது என் காலுக்குப் போட்டது.”

“ஆமாங்க.”

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். பாத்திரம் பறக்கும் என்றுகூட எதிர்பார்த்தாள். அதற்கெல்லாம் சேர்த்து ஒரு பதிலும் வைத்திருந்தாள், என் பவுன் என்று தொடங்கும் பதில். ராவுத்தர் தன் சேற்றுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வயதான கால். குதிகால் வெடித்து, ஜில்லிட்டுக் கிடந்தது. பிறகு கேட்டார்.

“வெரலுக்கு எவ்வளவு நீளம் போட்டே?”

அந்த விரலைப் பற்றி ஒரு வருஷத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அது. லத்தீஃபா வைத்திருந்த பதில் இந்தக் கேள்விக்கானது இல்லை. தன் இரண்டு விரலைச் சேர்த்து அவர் முன்னால் நீட்டினாள்.

“இருக்குற நீளம்” என்றாள்.

ராவுத்தர் அந்த இரண்டு விரலைப் பார்த்தார். பிறகு தன் இடது கட்டைவிரலை வலது கையால் மூடிப் பிடித்துக்கொண்டார். கடையில் யாரோ உப்பு கேட்டுக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. லத்தீஃபாதான் போய் அளந்து கொடுத்துவிட்டு வந்தாள்.